1e-9 என்று சொன்ன பதில்

"எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் சமம்னு எடுத்துக்கலாம் அண்ணா?" என்று தம்பி கேட்டார். "1e-9 போடுங்க" என்றேன், அதாவது நூறு கோடியில் ஒன்று. ரிவ்யூ அதோடு முடிந்தது. அந்தப் பதில் சரியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளின் தொகையையும் கூட்டி, கீழே போட்டிருக்கும் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஃபங்ஷன் அது. பத்து பைசாவும் இருபது பைசாவும் சேர்ந்து முப்பது பைசா என்ற டெஸ்டே ஃபெயில் ஆனது. பைத்தானில் அவர் ஓட்டிக் காட்டியது இதுதான்:

```
>>> 0.1 + 0.2
0.30000000000000004
>>> 0.1 + 0.3 == 0.4
True
```

இரண்டாவது மட்டும் எப்படிச் சரியாக வருகிறது என்று கேட்டார். "சில சமயம் அப்படித்தான்" என்று கடந்துவிட்டேன். உண்மையில் அதற்குத் துல்லியமான காரணம் இருக்கிறது. 0.1, 0.2, 0.3, 0.4 எதையுமே பைனரியில் முடிவுள்ள பின்னமாக எழுத முடியாது. பைத்தானின் ஃப்ளோட் எண்கள் டபுள் என்ற வடிவில் சேமிக்கப்படுகின்றன, அதில் 53 பிட் துல்லியம்தான் உண்டு. அதனால் ஒவ்வொன்றுக்கும் மிக அருகில் உள்ள எண்ணே சேமிக்கப்படுகிறது. 0.25க்கும் 0.5க்கும் நடுவே, அடுத்தடுத்த இரண்டு டபுள்களுக்கு உள்ள இடைவெளி 2⁻⁵⁴. அந்த இடைவெளியை ஒரு படி என்று வைத்துக்கொண்டால், 0.3 என்று எழுதினால் கிடைப்பது 5404319552844595 படிகள். சேமிக்கப்பட்ட 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் வருவதோ அதே எண்ணுக்கு மேல் சரியாக அரைப் படி. இரு பக்கமும் சம தூரம். இப்படி நடுவில் விழுந்தால் இரட்டைப்படை எண்ணின் பக்கம் போ என்பது IEEE 754இன் வழக்கமான விதி. ஆகவே கூட்டல் 596இல் முடியும் எண்ணுக்கு ஏறிவிடுகிறது, 0.3 என்று நேராக எழுதியது 595லேயே நிற்கிறது. 0.1 + 0.3இலும் விடை நடுவில்தான் விழுகிறது. ஆனால் அங்கே பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணே 0.4க்குச் சேமிக்கப்பட்ட எண்ணாகவும் இருக்கிறது. விதி ஒன்றுதான், ஒரு தடவை தவற வைத்தது, ஒரு தடவை பொருந்த வைத்தது.

அந்த டெஸ்டுக்கு 1e-9 சரியான பதில்தான். பிசகு 5.6e-17, அனுமதித்த வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு பெரியது. என் பக்க நியாயம் இவ்வளவுதான். ஆனால் எண் பெரிதாகப் பெரிதாக டபுள்களுக்கு இடையிலான இடைவெளியும் விரியும். 83,88,608 என்பது 2²³. அந்தத் தொகையிலிருந்து மேலே இடைவெளி 2⁻²⁹, அதாவது சுமார் 1.86e-9. அதற்கு மேல் உள்ள மொத்தத்தில் ஒரே ஒரு படி பிசகினாலும் 1e-9ஐத் தாண்டிவிடும். `abs(a - b) < 1e-9` என்று எழுதியிருந்தாலும் அங்கே நடப்பது `==` ஒப்பீடுதான். சிறிய பில்களில் இது தலைகாட்டாது. எண்பத்து நான்கு லட்ச ரூபாய் பில் வந்தபோதுதான், சரியான மொத்தத்தையே தவறு என்று நிறுத்தியது.

`math.isclose` சொல்லியிருக்கலாமே என்றும் தோன்றியது. அதன் இயல்பான `rel_tol` மதிப்பும் 1e-9தான். ஆனால் அது தொகையோடு சேர்ந்து வளரும். ஒரு கோடி ரூபாயில் அது ஒரு பைசா. 1,00,00,000.00ஐயும் 1,00,00,000.01ஐயும் சமம் என்று சொல்லிவிடும். முதல் வழி இல்லாத பிழையைக் காட்டியது, இது இருக்கும் பிழையை மறைக்கும்.

அந்த ஒரு பைசாவைப் பிடிக்கத்தானே இந்த ஒப்பீடே இருக்கிறது? 10.03 ரூபாய்க்கு 18% வரி 1.8054, அதாவது 1.81. அப்படி மூன்று பொருள்கள் இருந்தால் வரி 5.43. மொத்தம் 30.09க்கு ஒரேயடியாகப் போட்டால் 5.4162, அதாவது 5.42. இந்த ஒரு பைசாவுக்கும் பைனரிக்கும் சம்பந்தமில்லை. எங்கே முழுமையாக்குகிறோம் என்பதில் வரும் வித்தியாசம் அது. எந்த டாலரன்ஸ் போட்டாலும் தீராது.

கடைசியில் தொகைகளை உள்ளே நுழையும்போதே பைசாவாக, முழு எண்ணாக மாற்றினோம். 10 + 20 == 30. மாற்றும் இடத்திலும் கவனம் வேண்டும்: `int(0.29 * 100)` 28 தரும், ஏனென்றால் பெருக்கல் 28.999999999999996க்குப் போய்விடுகிறது, `int` பின்னத்தை வெட்டிவிடுகிறது. அதனால் ஃப்ளோட் வழியே போகாமல், வந்த எழுத்துச் சரத்தை நேராக `Decimal("0.29")` என்று வாசித்து நூறால் பெருக்குகிறோம்.

ஆனாலும் அன்றைக்கே இதைச் சொல்லியிருப்பேனா என்று கேட்டால் உறுதியாகத் தெரியவில்லை. ஃபெயில் ஆன டெஸ்ட் ஒன்று, பதிலுக்குக் காத்திருக்கும் ஆள் ஒருவர். கைவசம் இருந்த எண்ணை எடுத்துக் கொடுத்தேன். எவ்வளவு பெரிய தொகை வரும் என்று நானும் கேட்கவில்லை. அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று அவரும் கேட்கவில்லை.