லேஆஃபுக்குப் பிறகு விழுந்த இடைவெளியை ரெஸ்யூமேயில் காட்டிய விதம்

2023-இல் சென்னை ஓஎம்ஆரில் மேனுவல் டெஸ்டராக இருந்தேன். புராஜெக்ட் முடிந்ததும் டீம் மொத்தத்தையும் அனுப்பிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கடைசி வேலை நாளைச் சில மாதம் தள்ளிப் போட்டால் இடைவெளி தெரியாது என்று நண்பர்கள் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்பது வழக்கம். நீங்கள் வெளியேறிய தேதி அதில் இருக்கும். பழைய கம்பெனி அந்தத் தேதியைப் போடாமல் விட்டிருந்தால், வெளியேறி இரண்டு மாதம் கழித்து ஈபிஎஃப்ஓ தளத்தில் Mark Exit மூலம் நீங்களே போடலாம். அது ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியோடு ஒத்துப்போக வேண்டும்.

இடைவெளிக் காலத்தை ரெஸ்யூமேயில் தனிப் பகுதியாகவே எழுதினேன். கோர்ஸுக்கு ஒரே வரிதான்: ஐஎஸ்டிக்யூபி ஃபவுண்டேஷன் என்ற டெஸ்டிங் சான்றிதழ், தேறிய மாதத்தோடு. வேறு சான்றிதழ்களை அடுக்கவில்லை. வேலைக்கு எடுப்பவர் தேடுவது, படித்ததை எங்கே பயன்படுத்தினீர்கள் என்பதைத்தான்.

எனக்கு அந்த இடம் வேளச்சேரியில் ஒரு சின்ன பில்லிங் மென்பொருள் கம்பெனி. வாரத்தில் சில நாள், பகுதிநேர டெஸ்டிங். தள்ளுபடி கொடுத்தால் அந்த மென்பொருள் பழைய விலைக்கே ஜிஎஸ்டி போட்டுக்கொண்டிருந்தது. 1000 ரூபாய்ப் பொருளுக்கு 10 சதவீதம் தள்ளுபடி என்றால் 900-க்கு 18 சதவீதம், அதாவது 162 ரூபாய் வரி வர வேண்டும். பில்லில் 180 வந்தது. இதைப் பிடித்த பிறகு, இதே மாதிரிக் கணக்குகளைச் சோதிக்க ஒரு மாதிரி பில்லிங் பக்கம் செய்து, செலினியம் என்ற ஆட்டோமேஷன் டூலில் டெஸ்ட் எழுதி கிட்ஹப்பில் போட்டேன். கம்பெனியின் சோர்ஸ் கோடை வெளியே போடக் கூடாது, அதனால்தான் மாதிரிப் பக்கம்.

இன்டர்வியூவில் "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டபோது, "டீமோடு லேஆஃப் ஆனேன். ஆட்டோமேஷன் கற்றுக்கொண்டேன், பகுதிநேரமாக பில்லிங் டெஸ்டிங் செய்தேன்" என்று சொல்லிவிட்டு நேராக அந்த 180 ரூபாய்க்குப் போனேன். மீதி நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் கேள்விகள். ரவுண்டிங்கை எப்படிச் சோதித்தாய், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் வரி என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டார்கள். நாமே செய்த வேலை என்றால் இந்த இடத்தில் தடுமாற்றம் வராது. யாருடைய புராஜெக்டையோ காப்பியடித்துப் போட்டவர்கள் மாட்டுவதும் இங்கேதான்.

பகுதிநேர வேலையைப் பகுதிநேரம் என்றே எழுதுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள். வேலையை விடும்போது லெட்டர்ஹெட்டில் தேதிகளும் செய்த வேலையும் போட்டு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். அப்புறம் கேட்டால் கிடைப்பது கஷ்டம். ஆஃபர் வந்ததும் இடைவெளிக்கு என்னிடம் ஆதாரம் கேட்டார்கள். இந்தக் கடிதத்தையும் பணம் வந்த ஸ்டேட்மென்ட் பக்கங்களையும் அனுப்பினேன், அதோடு முடிந்தது.