கருப்பட்டி வீடியோவை நாலு மொழிக்குக் கொண்டுபோன அனுபவம்

உடன்குடிப் பக்கம் என் பெரியம்மா வீட்டில் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். போன பங்குனியில் நான் அங்கே போய் ஒன்பது நிமிஷ வீடியோ ஒன்று எடுத்தேன். பனை ஏறும் அண்ணாச்சி பாளை சீவுவதிலிருந்து, பெரியம்மா சிரட்டையில் பாகு ஊற்றி ஆறவைப்பது வரைக்கும் அதில் இருந்தது. தமிழில் மட்டும்தான் செய்தேன்.

பிறகுதான் கேட்பவர்கள் வந்தார்கள். பெரியம்மாவிடம் கருப்பட்டி வாங்கும் கொல்லத்து வியாபாரி மலையாளத்தில் வேண்டும் என்றார். மும்பையில் இருக்கும் சித்தப்பாவின் பேரப்பிள்ளைகளுக்கு வீட்டுத் தமிழ் புரியும், ஆனால் பாளை, கலயம் என்றால் விழிக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசு, அதுவும் இந்தியில். வெளியூர்க்காரர்களுக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது. ஆக, தமிழ், ஆங்கிலம், மலையாளம், இந்தி நாலுக்கும் சப்டைட்டில், மலையாளத்துக்கும் இந்திக்கும் குரலும் சேர்த்து என்று முடிவு செய்தேன். ஆங்கிலம் பார்ப்பவர்கள் படித்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும், கடையில் கை வேலையாக இருந்துகொண்டு போனைப் பார்ப்பவருக்கும் குரல்தான் சரி.

முதலில் சோம்பல்பட்டு, தானாக எழுத்தாக்கி மொழிபெயர்க்கும் வசதி ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி மரத்தடியில் நின்று சொல்லும் வாக்கியம் இது: "கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவலன்னா, வெயில் ஏறுறதுக்குள்ள பயினி கள்ளாயிரும்லா." பயினி என்றால் பதநீர். அதை அந்த வசதி 'பயணி' என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் அது பஸ்ஸில் போகிற பயணியாகவே ஆகிவிட்டது. அதைக் கையால் திருத்திவிட்டு, ஆங்கிலத்திலிருந்து இந்திக்கு மாற்றியபோது இன்னொரு தப்பு வந்தது. சுண்ணாம்புக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லே ஒரு வகை எலுமிச்சைக்கும் பெயர். அதனால் இந்தியில், கலயத்துக்குள் எலுமிச்சை தடவச் சொல்லி வந்தது. இந்தி தெரிந்த தம்பி ஒருவன் பார்க்கவில்லை என்றால் அப்படியே போயிருக்கும். படத்தில் வெள்ளையாக எதையோ பூசுவது தெரியும், எழுத்திலோ எலுமிச்சை இருக்கும். பார்க்கிறவர் அதை நம்பித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு இடத்தில் பதநீர் என்பதே கள் என்று மாறியிருந்தது. இது சும்மா விடக்கூடிய தப்பில்லை. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குவது பதநீர்; தடவாமல் இறக்கினால் புளித்துக் கள்ளாகும். அண்ணாச்சி சொல்வதே அந்த வித்தியாசத்தைத்தான். அந்த ஒரு சொல் தப்பினால் அவர் செய்யாத காரியத்தை நான் அவர் தலையில் கட்டியதாகும்.

ஆகவே முதல் வேலையாக ஒரு நோட்டில் சொல் பட்டியல் எழுதினேன். பாளை, கலயம், பயினி, கள், சுண்ணாம்பு, பாகு, கருப்பட்டி என்று பதினைந்து சொல்தான் தேறும். ஒவ்வொன்றுக்கும் நேராகத் தமிழிலிருந்தே மற்ற மொழிச் சொல் கேட்டு எழுதினேன், ஆங்கிலம் வழியாகப் போகவில்லை. மலையாளத்துக்குச் செங்கோட்டையில் பிறந்த டீச்சர் அக்கா ஒருவர் உதவினார். செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர், அக்காவுக்கு இரண்டு மொழியும் வீட்டு மொழி. "பதநீரை எதுக்குத் தம்பி விளக்கி எழுதறீங்க? அக்கானின்னு போடுங்க, தெக்கன் கேரளாவுல எல்லாருக்கும் புரியும்" என்றார். நம் பக்கத்திலும் அக்கானி என்று சொல்பவர்கள் உண்டு. சுண்ணாம்பும் கள்ளும் மலையாளத்தில் அதே சொல். இந்தியில் சுண்ணாம்பு 'சூனா', வெற்றிலைக்குத் தடவுகிற அதே சூனா, பதநீர் 'நீரா'. இந்தப் பட்டியல் இருந்ததால் நாலு மொழியிலும் ஒரே பொருளுக்கு முதலிலிருந்து கடைசி வரை ஒரே சொல் வந்தது.

அடுத்தது நேரம். அண்ணாச்சி அந்த வாக்கியத்தைச் சுமார் மூன்று விநாடியில் சொல்லிவிடுகிறார். ஆங்கிலம் படிப்பவருக்கு விநாடிக்குப் பதினேழு எழுத்து என்பது வசதியான வேகம். ஒரு வரிக்கு 42 எழுத்துக்குள், இரண்டு வரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். நான் எழுதியது இடைவெளியும் சேர்த்து 69 எழுத்து. அப்படியானால் நாலு விநாடிக்கு மேல் திரையில் நிற்க வேண்டும். அவர் பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் கலயத்தைத் திருப்பிப் பார்ப்பார், அந்த இடைவெளியில் இருந்து ஒரு விநாடி எடுத்துக்கொண்டேன்.

```
31
00:02:14,200 --> 00:02:18,400
Without slaked lime in the pot,
the sap turns to toddy by mid-morning.
```

எல்லா இடத்திலும் இப்படி இடைவெளி கிடைக்காது. பெரியம்மா மூச்சு விடாமல் பேசுவார். அங்கே வாக்கியத்தைச் சுருக்கத்தான் வேண்டும். "அதாவது பாத்துக்கோ", "நான் சொல்றது என்னன்னா" போன்றவற்றை மற்ற மொழிகளில் விட்டேன். தமிழில் விடவில்லை. தமிழ் சப்டைட்டில் படிப்பவர் காதிலும் கேட்பார். கேட்பது ஒன்றும் படிப்பது ஒன்றுமாக இருந்தால் கண் தடுக்கும். அவர்கள் பேசிய நெல்லைத் தமிழையும் 'திருத்தி' எழுதவில்லை. "கள்ளாயிரும்லா" என்பதைக் "கள்ளாகிவிடும்" என்று மாற்றினால் அது அண்ணாச்சி சொன்னதல்ல.

சப்டைட்டில் கோப்பைச் சேமிக்கும்போது என்கோடிங் UTF-8 என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தமிழும் மலையாளமும் கேள்விக்குறிகளாக வரும்.

குரல் சேர்ப்பதில்தான் எனக்கு அதிக நாள் போனது. காரணம் நான் முதலில் செய்த தவறு. தமிழ் வீடியோவில் என் விளக்கக் குரலையும், பனங்காட்டுக் காற்றையும், பாளை சீவும் அரிவாள் சத்தத்தையும் ஒரே ஒலித்தடமாகக் கலந்து முடித்திருந்தேன். பிராஜெக்டையும் அழித்துவிட்டேன். கலந்த பிறகு என் குரலை மட்டும் உருவி எடுத்தால் காற்றும் சேர்ந்து தேய்ந்து, தண்ணிக்குள்ளிருந்து கேட்பது போல ஆகிறது. கடைசியில் கேமரா கார்டில் இருந்த மூலக் காட்சிகளை எடுத்து, வெட்டு வெட்டாகத் திரும்ப அடுக்கினேன். நாலு நாள். இந்த முறை என் குரல் இல்லாமல், இடத்தின் சத்தமும் அவர்கள் பேச்சும் மட்டும் உள்ள ஒலித்தடத்தைத் தனியாக எடுத்து வைத்தேன். எந்த மொழி வந்தாலும் அதன் மேல் குரலைப் போட்டால் போதும். மொழி மாற்றும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் முதல் நாளிலேயே இதைச் செய்துவிடுங்கள்.

அண்ணாச்சியும் பெரியம்மாவும் பேசும் இடங்களில் அவர்கள் குரலை முழுசாக எடுக்கவில்லை. இரண்டு விநாடி அவர்கள் தமிழே முழுச் சத்தத்தில் கேட்கும், பிறகு அது அடங்கி அதன் மேல் மலையாளமோ இந்தியோ வரும், முடிவில் அவர்களின் கடைசிச் சொல் மறுபடி மேலே வரும். சுமார் பதினைந்து டெசிபல் குறைத்தேன். அதற்குக் குறைவாகக் குறைத்தால் இரண்டு குரலும் முட்டிக்கொள்கிறது. ரொம்பக் குறைத்தால் ஆள் வாயசைப்பது போல இருக்கிறது. முன்னும் பின்னும் இப்படி விடுவதால் மொழிபெயர்ப்பு பேசக் கிடைக்கும் நேரம் இன்னும் சுருங்கும். டீச்சர் அக்கா முதல் தடவை வாசித்தபோது பல இடங்களில் நேரம் மீறியது. நான் வேகமாக வாசிக்கச் சொன்னேன். "அப்படி வாசிச்சா நியூஸ் மாதிரி இருக்கும் தம்பி, சொல்லைக் குறைங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஒவ்வொரு பத்தியையும் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டு வாசித்து, மிஞ்சினால் வெட்டினோம்.

இந்தியை மும்பையில் சித்தப்பா மகன் பேசினான். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, தலையில் போர்வை போட்டுக்கொண்டு போனிலேயே பதிந்தான். முதலில் வாய்ஸ் நோட்டாக அனுப்பினான், அது நசுங்கிப் போய் வந்தது. ரெக்கார்டர் செயலியில் பதிந்து டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னதும் தெளிவாக இருந்தது.

ஒவ்வொரு மொழிக் குரலையும் அந்த இடச்சத்தத் தடத்தோடு கலந்து, வீடியோவின் முழு நீளத்துக்கும் எடுத்தேன். பேச்சு முன்னாலேயே முடிந்தாலும் தடம் கடைசி வரை ஓட வேண்டும். கூடுதல் ஒலித்தடம் ஏற்றும் தளங்கள் நீளத்தைப் பார்க்கும். ஊருக்குப் பென்டிரைவில் கொடுக்க, ffmpeg என்ற மென்பொருளில் இந்தக் கட்டளையைக் கொடுத்து, படத்தையும் மூன்று மொழி ஒலியையும் ஒரே கோப்பில் கட்டினேன்:

```
ffmpeg -i ta.mp4 -i ml.wav -i hi.wav \
  -map 0:v -map 0:a -map 1:a -map 2:a \
  -c:v copy -c:a aac \
  -metadata:s:a:0 language=tam \
  -metadata:s:a:1 language=mal \
  -metadata:s:a:2 language=hin out.mp4
```

படத்தைத் திரும்ப என்கோட் செய்யாமல் அப்படியே எடுப்பதால் சில விநாடியில் முடிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்ப இது உதவாது, அங்கே ஒலித்தடம் மாற்ற முடியாது. கொல்லத்து வியாபாரிக்கு மலையாளக் குரலும், படத்தோடு பதித்த எழுத்துமாகத் தனிப் பிரதி எடுத்தேன். எழுத்தைப் பதிக்கும்போது ஒன்று கவனியுங்கள்: தமிழானால் 'கொ' வருகிற ஒரு சொல்லை நிறுத்திப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தொங்கினால், அந்த மென்பொருளுக்கோ எழுத்துருவுக்கோ நம் எழுத்தைக் கோர்க்கத் தெரியவில்லை என்று அர்த்தம். மலையாளத்திலும் இதே சோதனைதான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துத் தமிழ் சப்டைட்டிலோடு பாளையங்கோட்டையில் எங்கள் தெருத் தையல்கடை அண்ணனிடம் காட்டினேன். அவருக்குக் காது கேட்காது. இங்கேயே உள்ள காது கேளாதோர் பள்ளியில் படித்தவர். முழுசும் பார்த்துவிட்டு, ஓர் இடத்துக்குப் பின்னோக்கி நகர்த்தி நிறுத்தினார். பாகு கொதிக்கிற காட்சி. பெரியம்மா அடுப்பைப் பார்க்காமலே, "சத்தம் மாறிட்டுல்லா, எறக்கிர வேண்டியதுதான்" என்கிறார். அண்ணன் போனில் எழுதிக் காட்டினார்: "என்ன சத்தம்? எப்படி மாறியது?"

நான் எழுதியிருந்ததெல்லாம் பேச்சு மட்டும். அந்த இடத்தில் விஷயமே சத்தத்தில்தான் இருக்கிறது. மெல்லிசாகத் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது, தடித்ததும் 'பொத் பொத்' என்று கனமாக வெடிக்கும். வீட்டுக்குப் போய் ஹெட்போனில் நாலைந்து தடவை கேட்டு, மாறுகிற விநாடியைக் குறித்து, இரண்டு வரி சேர்த்தேன்: [பதநீர் தளதளவெனக் கொதிக்கிறது], [பாகு கெட்டிப்பட்டு 'பொத் பொத்' என வெடிக்கிறது]. அரிவாள் பாளையில் உரசும் இடத்துக்கும், சிரட்டையிலிருந்து கருப்பட்டி விழும் இடத்துக்கும் ஒவ்வொன்று. மற்ற மூன்று மொழியிலும் அதே நேரத்தில் அதே வரிகளைப் போட்டு, மறுநாள் காலை அண்ணன் கடை திறந்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த இடம் வந்ததும் அவர் கையை அடுப்பிலிருந்து சட்டியை இறக்குவது போல அசைத்தார்.