மூன்றாவது முறையும் 'க' விழவில்லை: லேப்டாப் கடைக்கு நான் எழுதிய கடிதம்

அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மனுக்கள், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று வருவதையெல்லாம் அடித்துக் கொடுப்பேன். அதற்காகத்தான் பாளையங்கோட்டையில் ஒரு கடையில் ஜூன் 14 அன்று 38,500 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். ஓராண்டு வாரண்டி.

செப்டம்பர் கடைசியில் H விசை விட்டு விட்டு விழுந்தது. ஒரு வாரத்தில் N விசையும் சேர்ந்துகொண்டது. நான் அடிப்பது தமிழ்99 முறையில். அதில் H என்பது 'க', N என்பது 'ல'. கல்யாணம் என்று அடித்தால் முதல் இரண்டு எழுத்துமே வராது. பத்திரிகை வேலையில் அந்தச் சொல் எத்தனை தடவை வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபர் 9 அன்று சர்வீஸ் சென்டரில் கீபோர்டை மாற்றிக் கொடுத்தார்கள். நவம்பர் 18 அன்று திரும்பவும் அதே H, அதே N. நவம்பர் 27 அன்று இரண்டாவது கீபோர்டு போட்டார்கள். ஜனவரி 6 அன்று மறுபடியும் அதே இரண்டு விசைகள். கடைக்குப் போனேன். "நாங்க வித்துத் தாறவங்கதானம்மா, கம்பெனிலதான் கேக்கணும்" என்றார் கடைக்கார அண்ணாச்சி. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "கொடுத்துட்டுப் போங்க, இன்னொரு கீபோர்டு போட்டுத் தர்றோம்" என்றார்கள்.

அன்று இரவே ஒரு கடிதம் எழுதினேன். முழுக்கக் கோபம். ஏமாற்றிவிட்டீர்கள், என் பிழைப்பே போயிற்று என்று இரண்டு பக்கம். மறுநாள் அதைப் படித்த என் சித்தப்பா (மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்) ஒன்றுதான் கேட்டார். "இதைப் படிச்சா அவரு என்ன செய்யணும்னு தெரியுதா?" தெரியவில்லை. என் வருத்தம் இருந்தது, கோரிக்கை இல்லை. அதைக் கிழித்துவிட்டு, முதலில் பழுது எங்கே இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

ஒரு யுஎஸ்பி கீபோர்டைச் செருகி அடித்தேன். எல்லா எழுத்தும் சரியாக விழுந்தன. அப்புறம், விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடும் சோதனைப் பக்கம் இந்த லேப்டாப்பில் உண்டு. அதில் கீபோர்டு சோதனையைப் போட்டால் அங்கேயும் H, N இரண்டும் பதியவில்லை. ஆகவே சாஃப்ட்வேர் கோளாறு இல்லை, விண்டோஸை மறுபடி ஏற்றிப் பயனில்லை. இரண்டு சோதனையையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் முக்கியமான விஷயம் புரிந்தது. லேப்டாப் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தடங்களில் பல விசைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அவை எல்லாம் ஒரு பட்டையான கேபிள் வழியாக மதர்போர்டில் உள்ள சாக்கெட்டுக்குப் போகின்றன. கீபோர்டுதான் கெட்டது என்றால், புதிதாகப் போட்ட இரண்டு கீபோர்டிலும் அதே இரண்டு விசைகள் மட்டும் எப்படிச் சாகும்? அந்தச் சாக்கெட்டிலோ மதர்போர்டிலோதான் பழுது இருக்க வேண்டும். கேபிளைக் கழற்றி மாட்டும்போது கொஞ்ச நாள் பிடிக்கிறது, சூட்டிலும் அசைவிலும் மறுபடி விட்டுவிடுகிறது என்பது என் ஊகம். எப்படியானாலும் மூன்றாவது கீபோர்டு போட்டு இது தீராது. கடிதத்தில் நான் அழுத்திச் சொன்னதும் இதைத்தான்.

யுஎஸ்பி கீபோர்டில் அடித்த அந்தக் கடிதம் ஒரே பக்கம்தான். மாடல் பெயர், சீரியல் எண், பில் எண், தேதி, விலை எல்லாவற்றையும் மேலேயே போட்டுவிட்டேன். மீதி இப்படி:

"மதிப்பிற்குரிய ஐயா, மேற்கண்ட லேப்டாப்பில் H, N ஆகிய இரு விசைகள் வேலை செய்யவில்லை. இதே பழுதுக்காக அக்டோபர் 9, நவம்பர் 27 ஆகிய தேதிகளில் கீபோர்டு இருமுறை மாற்றப்பட்டது. ஜனவரி 6 முதல் அதே விசைகள் மீண்டும் பழுதாகியுள்ளன. வெளிக் கீபோர்டு சரியாக வேலை செய்கிறது. விண்டோஸ் இல்லாத சோதனையிலும் பழுது தெரிகிறது. புதிய கீபோர்டுகளிலும் அதே பழுது வருவதால், கோளாறு கீபோர்டில் அல்லாமல் லேப்டாப்பின் உள்ளேயே இருப்பதாகக் கருதுகிறேன். தண்ணீரோ வேறு திரவமோ பட்டதில்லை. என் முன்னிலையில் திறந்து பார்க்கலாம். இருமுறை சரிசெய்தும் தீராததால், வாரண்டியின் கீழ் இதே மாடலில் வேறு லேப்டாப் மாற்றித் தரவும், அது இல்லையெனில் அதே தரத்தில் வேறொன்று தரவும் கேட்டுக்கொள்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். பதில் இல்லையெனில் நுகர்வோர் ஆணையத்தை அணுக நேரிடும்."

கடைசி வரியை வைக்கலாமா என்று யோசித்தேன். அண்ணாச்சியைப் பகைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆனால் பில் அவர் கடையின் பெயரில்தான் இருக்கிறது, பணமும் அவரிடம்தான் கொடுத்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைச் சரிசெய்து தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிட முடியும். அதற்காக வாரண்டி இருந்தாலே மாற்றித் தந்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். என் வாரண்டி அட்டையில் 'சரிசெய்வது அல்லது மாற்றுவது கம்பெனியின் முடிவு' என்றுதான் இருக்கிறது. முதல் முறை பழுதானபோதே வேறு லேப்டாப் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. இரண்டு முறை சரிசெய்தும் தீரவில்லை என்று காட்டும் ஜாப் ஷீட்டுகள்தான் கோரிக்கைக்குப் பலம். இரண்டையும் பத்திரமாக வைத்திருந்தேன்.

பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட்டுகள் எல்லாவற்றிலும் நகலை மட்டும் இணைத்தேன். கடிதம் இரண்டு பிரதி. அதை எடுத்துக்கொண்டு நேரில் போய், "அண்ணாச்சி, ஒரு பிரதியில 'பெற்றுக்கொண்டேன்'னு எழுதி சீல் வச்சுத் தாங்க" என்றேன். கொஞ்சம் தயங்கினார். கடிதத்தை ஒரு முறை முழுதாகப் படித்தார். தேதி போட்டு, சீல் வைத்துக் கொடுத்துவிட்டு, "ரெண்டு தடவ மாத்துனது எனக்குத் தெரியாதேம்மா" என்றார். அது உண்மைதான். நான் இரண்டு முறையும் நேராக சர்வீஸ் சென்டருக்குப் போயிருந்தேன், அவரிடம் சொல்லவே இல்லை.

கடிதத்தையும் வீடியோவையும் அவரே டீலருக்கு அனுப்பினார். ஒன்பதாம் நாள் கம்பெனி ஆள் வந்து என் முன்னாலேயே பின்மூடியைத் திறந்து பார்த்தார். திரவம் பட்ட அடையாளம் இல்லை என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொன்னேன், எழுதினார். சாக்கெட்டின் பூட்டு ஒரு ஓரத்தில் சரியாகப் படியவில்லை என்று காட்டினார். முதலில் மதர்போர்டை மாற்றலாம் என்றுதான் சொன்னார்கள். அண்ணாச்சிதான் போனில் பேசி, மாற்று லேப்டாப்பே வேண்டும் என்று நின்றார்.

கடிதம் கொடுத்த 19ஆம் நாள் புதிய லேப்டாப் வந்தது. பழையதிலிருந்த ஃபைல்களை முந்தைய நாளே வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவிட்டு, உள்ளே இருந்ததை அழித்திருந்தேன். வாங்கும்போது இரண்டு விஷயத்தை மட்டும் கேட்டு எழுதி வாங்கினேன். பழைய பில்லில் புதிய சீரியல் எண்ணைச் சேர்த்துக் கையெழுத்து போட வேண்டும், வாரண்டி எந்தத் தேதி வரை என்றும் எழுத வேண்டும். புதிய பெட்டி வந்ததால் வாரண்டி புதிதாகத் தொடங்கவில்லை, பழைய கணக்கில் ஜூன் 13 வரைதான். அண்ணாச்சி அதையும் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்.