நாலாம் நம்பர் பெட்

மார்ச் 3, இரவு 11.40

(வயது, ஊர் எல்லாம் மாற்றியிருக்கிறேன். மற்றபடி நடந்தது நடந்தபடி.)

சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தெட்டு வயது, பத்து வருடச் சர்க்கரை. மூன்று நாளாகக் குளிர் காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல், பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி, கொஞ்சம் மாத்திரை. இன்று மதியத்திலிருந்து பேச்சு மாறிவிட்டதாம், மகனைப் பார்த்துத் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். மகன் அதைக் களைப்பு என்று நினைத்திருக்கிறார். உண்மையில் அதுதான் முதல் மணி, மூளைக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்பதற்கு.

பிபி 78/40. நாடித்துடிப்பு 128. மூச்சு நிமிடத்துக்கு 32. காய்ச்சல் என்று கூட்டிவந்தவருக்கு உடம்புச் சூடு 36.1 தான், இதைப் பார்த்து யாராவது நிம்மதியடைந்தால் தப்பு. கிருமித் தொற்றுக்கு உடம்பு காட்டுகிற எதிர்ப்பே கட்டுமீறி உறுப்புகளைச் சிதைப்பதுதான் செப்சிஸ், அதில் சூடு ஏறாமல் இறங்குவது நல்ல சகுனமில்லை. முட்டியில் வலை பின்னினமாதிரி ஊதாத் திட்டுகள். விரல் நுனியைப் பத்து விநாடி அழுத்திவிட்டு விட்டேன், வெளுத்த இடம் மறுபடி சிவக்க ஆறு விநாடி ஆயிற்று. மூன்றைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ஏறுகிற லாக்டேட் 5.8.

எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க ரத்தக் கல்ச்சர் எடுத்ததும் மெரோபெனம் என்கிற ஆன்டிபயாடிக் போட்டோம். அறுபது கிலோ எடை, கிலோவுக்கு 30 மில்லி கணக்கில் 1,800 மில்லி சலைன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பிபியை ஏற்ற நார்அட்ரினலின், ஏனென்றால் சராசரி அழுத்தம் 53இல் நிற்கிறது, 65 வேண்டும். அல்ட்ராசவுண்டில் இடது சிறுநீரகம் வீங்கிக் கிடக்கிறது, குழாயில் கல் அடைத்திருக்கிறது. அதாவது உள்ளே சீழ், வெளியே வர வழியில்லை. எவ்வளவு ஆன்டிபயாடிக் ஊற்றினாலும் மூடின பானைக்குள் இருக்கிற சீழுக்கு அது போய்ச் சேராது. யூராலஜி சாரைக் கூப்பிட்டிருக்கிறோம், ராத்திரியே அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் இறங்க ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாய் வைக்கிறார்.

மார்ச் 4, அதிகாலை 4

ஸ்டென்ட் வைத்ததும் கொழகொழவென்று சீழ் கலந்த சிறுநீர் வந்தது. எல்லோரும் மூச்சு விட்டோம், அப்புறம் அரை மணி நேரத்தில் பிபி இன்னும் கீழே போனது. இது எதிர்பார்த்ததுதான், குழாயைத் தொட்டுக் கிளறும்போது உள்ளே இருக்கிற பாக்டீரியாவும் அதன் மேலோட்டு நச்சும் ஒரே மூச்சில் ரத்தத்தில் கலக்கும். நார்அட்ரினலினை ஏற்றினோம், வாசோபிரெசின் சேர்த்தோம், ஹைட்ரோகார்டிசோன் 50 மில்லிகிராம் ஆறு மணிக்கு ஒருமுறை. வென்டிலேட்டரில் இருக்கிறார். லாக்டேட் 3.9. இறங்குகிறது.

மார்ச் 5

வேறு தொல்லை. 13ஆம் தேதி செமினார் என் தலையில். சீஃப் கொடுத்த தலைப்பு TGN1412 என்கிற சோதனை மருந்து. முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் தேட ஆரம்பித்தேன்.

2006 மார்ச் 13, லண்டன், நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரி வளாகத்தில் மருந்து சோதனைப் பிரிவு. ஆரோக்கியமான இளைஞர்கள் எட்டுப் பேர். இரண்டு பேருக்கு வெறும் தண்ணீர் மாதிரி ஊசி, ஆறு பேருக்கு ஜெர்மனியின் டிஜெனரோ நிறுவனம் தயாரித்த ஆன்டிபாடி, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். குரங்குகளுக்குக் கொடுத்துப் பிரச்சினை வராத அளவில் ஐந்நூறில் ஒரு பங்கு. ஒருவருக்கு எப்படியிருக்கிறது என்று பார்க்காமல் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்துப் போட்டுவிட்டார்கள், இன்றைக்கு யோசித்தால் வயிறு கலங்குகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் தலைவலி, முதுகுவலி, குமட்டல், காய்ச்சல், பிபி இறக்கம். பன்னிரண்டு பதினாறு மணி நேரத்தில் நுரையீரலில் நீர், சிறுநீரகம் படுத்தது, ரத்தம் உள்ளேயே உறைய ஆரம்பித்தது.

படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். இது என் நாலாம் நம்பர் பெட்டின் சார்ட். ஆனால் லண்டன் ஆட்கள் உடம்பில் ஒரு கிருமிகூட இல்லை.

மார்ச் 6

இன்று மகன் கேட்டார், "மேடம், கிருமி செத்துடுச்சுன்னு சொன்னீங்க, அப்புறம் ஏன் அம்மாவுக்குக் கிட்னி வேலை செய்யல?" நியாயமான கேள்வி. முதல் கல்ச்சரில் ஈ.கோலை வந்தது, மெரோபெனத்துக்குக் கட்டுப்படுகிற ரகம்தான். நேற்று எடுத்த கல்ச்சரில் இதுவரை எதுவும் வளரவில்லை. ஆனால் சிறுநீரகம் கழிக்க வேண்டிய கிரியேட்டினின் ரத்தத்தில் 4.2க்கு ஏறிவிட்டது, இன்று டயாலிசிஸ்.

காலில் முள் குத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். சிவக்கும், வீங்கும், சுடும் என்றார். சரி, அது ஏன் சிவக்கிறது? அந்த இடத்து ரத்தக்குழாய் விரிகிறது. ஏன் வீங்குகிறது? குழாயின் உள்சுவரில் இருக்கிற செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி இடைவெளி விடுகின்றன, வெள்ளணுக்கள் வெளியே போய்ச் சண்டை போட. சுற்றிலும் ரத்தம் லேசாக உறைந்து கிருமி தப்பிப் போகாமல் வேலி போடுகிறது. இதையெல்லாம் செய்யச் சொல்லி செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஓலைதான் சைட்டோகைன். பாதத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு நடந்தால் நல்லது. அதே ஓலை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போய், எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் விரிந்தால் பிபி விழுகிறது. எல்லாக் குழாயும் ஒழுகினால் நாம் ஏற்றுகிற சலைன் நுரையீரலிலும் காலிலும் போய்த் தேங்குகிறது. எல்லா இடத்திலும் பொடிப்பொடியாக ரத்தம் உறைந்தால் தட்டணுக்கள் தீர்ந்துபோகின்றன (68,000க்கு வந்துவிட்டது), விரல்நுனிக்கு ரத்தம் போவதில்லை. கிருமி போட்ட தீ அணைந்துவிட்டது, அணைக்கப் போனவர்கள் இடித்த சுவர் அப்படியே கிடக்கிறது, அதைக் கட்ட நாளாகும் என்றேன்.

அவர் தலையாட்டினார், ஆனால் பார்த்தது அம்மாவின் வலது கால் விரல்களை. இரண்டு விரல் கறுத்திருக்கிறது.

மார்ச் 8

வென்டிலேட்டரை எடுத்தாயிற்று. நார்அட்ரினலின் சொட்டு நேற்றே நிறுத்தினோம். லாக்டேட் 1.6.

செமினார் பக்கம்: குரங்குக்கு ஏன் ஆகவில்லை? அந்த ஆன்டிபாடி, வெள்ளணுக்களில் ஒருவகையான டி செல்களின் மேலிருக்கும் CD28 என்கிற சுவிட்சைப் பிடித்து அமுக்குவது. சாதாரணமாக இதற்குத் துணையாக இன்னொரு சிக்னல் வேண்டும், எதிரி யார் என்று காட்டுகிற சிக்னல். இந்த மருந்துக்கு அது தேவையில்லை, சுவிட்சைப் பிடித்தாலே போதும். நம் உடம்பில் பழைய சண்டைகளை ஞாபகம் வைத்திருக்கிற ஒருவகை டி செல்கள் இருக்கின்றன, உசுப்பினால் உடனே சைட்டோகைன் கொட்டுபவை. மனிதனுக்கு அந்தச் செல்களில் CD28 இருக்கிறது. சோதித்த மக்காக் குரங்குக்கு அந்த வகைச் செல்களில் அது இல்லை. குரங்கில் தேடினால் அபாயம் கண்ணில் பட்டிருக்கவே முடியாது.

ஆறு பேரும் பிழைத்தார்கள், ஸ்டீராய்டு, டயாலிசிஸ், மூச்சுக்கு உதவி என்று. ஒருவருக்குக் கால் விரல்களும் சில கைவிரல் நுனிகளும் போயின. கிருமி இல்லாமலே விரல் கறுக்கும். நாலாம் நம்பர் பெட்டுக்குத் தினமும் கால் டிரஸ்ஸிங் பார்க்கும்போது இது ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 10

ஜூனியர் பையன் கேட்டான், "அக்கா, இந்தச் சைட்டோகைன் புயல்தான் காரணம்னா புயலை அடக்குற மருந்தைப் போட வேண்டியதுதானே?" டோசிலிசுமாப் என்று பெயரும் சொன்னான். கோவிட் காலத்தில் கிடைத்த பழக்கம்.

அந்த மருந்து அற்புதம் செய்த இடம் உண்டு. 2012, பிலடெல்பியா, எமிலி வைட்ஹெட் என்கிற சிறுமிக்கு ரத்தப் புற்றுநோய், அவளுடைய டி செல்களையே மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றினார்கள். அவை புற்றைத் தாக்கிய வேகத்தில் இன்டர்லூகின்-6 என்கிற சைட்டோகைன் எக்கச்சக்கமாக ஏறி வென்டிலேட்டருக்குப் போனாள். ஆராய்ச்சியை நடத்திய கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம் இருந்ததால், இன்டர்லூகின்-6ஐத் தடுக்கும் மருந்து ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். கொடுத்தார்கள், சில மணி நேரத்தில் திரும்பினாள்.

அங்கே புயலுக்கு ஒரே காரணம், தொடங்கிய நேரம் தெரியும், உள்ளே கிருமி இல்லை. செப்சிஸில் மூன்றும் தலைகீழ். டிஎன்எஃப் என்கிற சைட்டோகைன் நச்சு பட்ட ஒன்றரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்ச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், நம் ஆட்கள் மூன்றாம் நாள் வருகிறார்கள். தொண்ணூறுகளில் அதைத் தடுக்கிற மருந்துகளை வரிசையாகச் சோதித்தார்கள், பலன் கிடைக்கவில்லை. 1996இல் வெளிவந்த ஒன்றில் அதிக டோஸ் வாங்கியவர்களில் இறப்பு கூடியே போனது. கிருமியோடு சண்டை போடவும் அதே டிஎன்எஃப்தானே வேண்டும். புயல் என்கிற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது என்பது என் எண்ணம், புயல் என்றால் அடிக்கும், ஓயும். இது அப்படியில்லை.

மார்ச் 11

இல்லை என்பதற்குச் சாட்சி இன்று காலையில் கிடைத்தது. வாயைத் துடைக்கும்போது சிஸ்டர் கூப்பிட்டுக் காட்டினார், அம்மாவின் கீழுதட்டு ஓரத்தில் கொத்தாக நாலைந்து நீர்க்கொப்புளம். அக்கி வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்பிஸ். வெளியிலிருந்து வந்ததில்லை, பெரும்பாலும் சின்ன வயதிலேயே ஏறி நரம்பு முடிச்சில் படுத்துத் தூங்குகிற ஆள். காவல் தளர்ந்தால்தான் எழுந்து வருவான்.

ஒரு வாரத்துக்கு முன் உறுப்புகளைச் சிதைக்கிற அளவுக்கு வெறிபிடித்து நின்ற அதே எதிர்ப்புச் சக்தி, இன்று உதட்டில் ஒரு பழைய வைரஸை அடக்க முடியாமல் இருக்கிறது. உச்சத்தில் லிம்போசைட் என்கிற வெள்ளணுக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துப்போகின்றன, மிச்சமிருப்பவை மந்தமாகின்றன. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை, முதல் நாளிலிருந்தே பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறது. செப்சிஸில் பலர் போவது முதல் அடியில் அல்ல, இரண்டாம் வாரத்தில் வருகிற நிமோனியாவிலும் பூஞ்சையிலும். அவர்களுக்கு இன்னும் அடக்குகிற மருந்தைப் போட்டால்?

ஜூனியரைக் கூப்பிட்டுக் கொப்புளத்தைக் காட்டினேன். பதில் சொன்ன மாதிரி ஆயிற்று. கழுத்து லைனையும் சிறுநீர் டியூபையும் இன்றே எடுத்துவிட்டோம், புதிதாக ஒரு கிருமிக்கு வாசல் திறந்து வைக்க வேண்டாமே.

மார்ச் 13

செமினார் முடிந்தது. ஸ்லைடு போடும்போதுதான் கவனித்தேன், இன்றோடு இருபது வருடம். சீஃப் ஒரே கேள்விதான் கேட்டார்: அந்த டோஸ் எப்படி நிர்ணயித்திருக்க வேண்டும்? குரங்குக்கு ஆபத்து வராத அளவிலிருந்து கீழே இறங்கி வராமல், மனித செல்லில் லேசாக வேலை செய்யத் தொடங்குகிற அளவிலிருந்து மேலே ஏற வேண்டும், முதல் நாள் ஒரே ஒருவருக்கு மட்டும். சரி என்று தலையை ஆட்டினார். அவரிடம் அது பெரிய பாராட்டு.

மார்ச் 17

நாலாம் நம்பர் அம்மாவை வார்டுக்கு அனுப்பினோம். சிறுநீர் ஒன்றரை லிட்டர், டயாலிசிஸ் இரண்டோடு நின்றது. கறுத்த விரல்களில் ஒன்று தப்பும், ஒன்று எல்லை பிரிந்து காய்கிறது, அவசரப்பட்டு வெட்ட வேண்டாம் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். காபி கேட்டார். டம்ளரைக் கையில் கொடுத்தால் பிடிக்க முடியவில்லை, பாதி போர்வையில் கொட்டியது. தசையெல்லாம் கரைந்திருக்கிறது, நிற்கவே சில வாரம் ஆகும், மாதக்கணக்கில் மறதியும் இருக்கலாம் என்று மகனிடம் சொன்னேன்.

ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதியைச் சீட்டில் பெரிதாக எழுதி இரண்டு முறை கோடு போட்டுக் கொடுத்தேன். உள்ளே ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு, வருடக்கணக்கில் கழித்துக் கல் மூடிய ஸ்டென்டோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லையும் அன்றைக்கே எடுக்க வேண்டும்.