தூண் இருந்த இடம்

"அப்ப மத்ததெல்லாம் நெசமுங்களா தம்பி?" என்று, நான் காணொளி செய்து கொடுத்த ஒரு வீட்டின் அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கேட்டு நான்கு மாதங்களாகிவிட்டன. அதற்குப் பின் ஏழெட்டு வீடுகளுக்குக் காணொளி செய்து கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கோப்பை அனுப்புவதற்கு முன் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஓட்டு வீடு அது. முன்கூடத்தின் நடுவில் உத்திரத்தைத் தாங்கி ஒரு மரத்தூண் நிற்கும். வெளிநாட்டில் இருக்கும் அந்த அம்மாவின் மகன், கூடத்தைப் புதுப்பித்தால் எப்படி இருக்கும் என்று ஒரே இடத்திலிருந்து பார்ப்பதுபோல, பழைய கூடம் மெல்லப் புதிய கூடமாக மாறும் காணொளியைக் கேட்டிருந்தார். எங்கள் வடிவமைப்பு நிறுவனத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு இத்தகைய காட்சிகளைச் செய்வது என் வேலை.

முதல் படத்தை நானே போய் எடுத்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் முக்காலி ஆடாமல் இருக்க அதன் நடுவில் பையைத் தொங்கவிட்டு, நெஞ்சு உயரத்தில், அகலக் கோண லென்ஸைத் தவிர்த்து எடுத்தேன். அகலக் கோணத்தில் எடுத்தால், கேமரா சற்றுச் சாய்ந்தாலும் ஓரத்துச் சுவர்கள் சாய்ந்துவிடும். அந்தச் சாய்வைக் கருவி தன் விருப்பப்படி நிமிர்த்தப் பார்க்கும். புதுப்பித்த கூடத்தைக் காட்டும் 'பின்' படத்தைச் சொற்களிலிருந்து புதிதாக உருவாக்கக் கூடாது, 'முன்' படத்தையே திருத்தி எடுக்க வேண்டும் என்பதையும் அப்போது அறிந்திருந்தேன். பிறகு இரண்டு படங்களையும் முதல் பிரேமாகவும் கடைசி பிரேமாகவும் கொடுத்து, இடையில் நடப்பதை எழுதினேன்:

```
Static locked-off tripod shot. The camera does not move.
Walls, window, door and beam stay in place.
First the wall colour changes, then the floor,
then the furniture appears piece by piece. No people.
```

ஆனாலும் கேமரா நகர்ந்தது. மிக மெதுவாக, கூடத்துக்குள் நுழைவதுபோல நெருங்கியது. கேமரா அசையாது என்ற வரியை மூன்று விதமாக மாற்றி எழுதிப் பார்த்தும் பயனில்லை. குறை என் வாக்கியத்தில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே உள்ளதைப் பாதி ஒளிபுக விட்டுப் பார்த்தபோது, சன்னலின் இடது சட்டம் பன்னிரண்டு பிக்சல் விலகியிருந்தது. திருத்தும் கருவி படத்தைச் சற்றே பெரிதாக்கித் திருப்பித் தந்திருந்தது. முதல் பிரேமில் ஓரிடத்திலும் கடைசி பிரேமில் வேறிடத்திலும் சன்னல் இருந்தால், காணொளிக் கருவி அந்த வேறுபாட்டைக் கேமராவின் நகர்வாக எடுத்துக்கொண்டுதான் இணைக்கிறது. சன்னலும் கதவும் உத்திரமும் கோட்டுக்குக் கோடு பொருந்தும்வரை இரண்டாம் படத்தைச் சுருக்கி நகர்த்தி, இரண்டையும் ஒரே அளவில் வெட்டிக் கொடுத்தேன். நகர்வு நின்றுவிட்டது.

அடுத்த சிக்கல், ஐந்து வினாடிக்குள் எல்லாம் மாற வேண்டியிருந்தது. சுவர், தரை, சோபா, விளக்கு என்று அனைத்தும் ஒரே வேளையில் மாறும்போது பொருள்கள் உருகி ஒன்றோடொன்று கலக்கின்றன. ஆகவே இடையில் இரண்டு படங்களைச் செய்தேன்: சுவர் மட்டும் மாறியது ஒன்று, சுவரும் தரையும் மாறியது ஒன்று. நான்கு படங்கள், மூன்று துண்டுகள். ஒரு துண்டின் கடைசி பிரேமே அடுத்ததன் முதல் பிரேம். துண்டுகள் சேரும் இடத்தில் அசைவு ஒரு நொடி தயங்கி நின்றது. ஒவ்வொரு துண்டும் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிவதுதான் காரணம். அந்த இடங்களில் சில பிரேம்களை வெட்டியதும் ஓட்டம் சீரானது.

மூன்றாவது துண்டில்தான் தூண். சோபா தூணுக்குப் பின்னால் தோன்ற வேண்டும். ஒரு பொருளுக்குப் பின்னால் இன்னொன்று உருவாகும்போது முன்னால் நிற்பதன் விளிம்பைக் கருவி தவறவிடுகிறது. நான்கு முறை செய்தும் தூணின் நடுப்பகுதி தண்ணீரில் தெரியும் நிழலைப்போல நெளிந்தது. ஐந்தாவது முறை, திருத்திய 'பின்' படத்திலேயே தூண் இல்லாமல் வந்துவிட்டது. நான் கேட்கவில்லை, இக்காலத்துக் கூடம் என்று எழுதியதால் கருவி எடுத்துவிட்டிருக்கலாம். அந்தப் படத்தைக் கடைசி பிரேமாகக் கொடுத்தபோது, தூண் அடியிலிருந்து மேல்நோக்கி மெல்லக் கரைந்து, அதன் பின்னால் சோபா வந்து அமர்ந்தது. நான் அதுவரை செய்தவற்றிலேயே மிகச் சீரான மாற்றம் அதுதான்.

எங்கள் வரைபடத்தில் தூண் இருக்கிறது. சும்மா எடுத்துவிட முடியாது, எடுத்தால் உத்திரத்துக்கு இரும்புச் சட்டம் கொடுக்க வேண்டும், அது எங்கள் மதிப்பீட்டில் இல்லை. எங்கள் நிறுவன உரிமையாளரிடம் காணொளியைக் காட்டினேன். "நல்லா இருக்குதுப்பா, மாதிரிக் காட்சின்னு போட்டு அனுப்பிரு" என்றார். மகன் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாதிரிக் காட்சி என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

அளவெடுக்கப் போன அன்று அந்த அம்மா கைபேசியை நீட்டினார். காணொளி ஓடி முடிந்ததும், "தூணு எங்கீங்க? உத்திரத்தை எது தாங்கும்?" என்றார். "அது வீடியோவுக்கு மட்டுந்தானுங்க அம்மா, தூண் அங்கேயேதான் இருக்கும்" என்றேன். அவர் திரும்பவும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார்.

நான் ஏமாற்றவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாதிரி என்று எழுதியிருந்தேன். வரைபடமும் அவர்களிடம் இருந்தது. சோபாவின் துணி நிறமும் கொஞ்சம் மாறத்தான் போகிறது, அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. ஆனால் நிலையான கேமராவை நாங்கள் தேர்ந்தெடுப்பதே, கோணம் மாறாததால் கண்ணுக்கு மாறித் தெரிபவை மட்டுமே வீட்டிலும் மாறும் என்று பார்ப்பவர் நம்புவதற்காகத்தான். சன்னலைப் பன்னிரண்டு பிக்சல் நகரவிடாமல் ஒரு நாள் முழுவதும் செலவழித்த நான், வீட்டைத் தாங்கும் தூண் மறைந்ததை அழகு என்று ஏற்றுக்கொண்டேன். அந்தச் சன்னல் அவ்வளவு துல்லியமாக அசையாமல் நின்றதால்தான் மகன் தூண் போனதையும் நம்பினாரோ என்று சில வேளைகளில் தோன்றுகிறது. அப்படியானால் என் கவனமே பொய்க்குத் துணை போயிருக்கிறது. இல்லை, இது மிகையான எண்ணம் என்று மறுநாள் தோன்றுகிறது.

நேரமில்லை என்பதுதான் என் வலுவான நியாயமாக இருந்தது. அதுவும் நிற்கவில்லை. அந்த வாரமே, கேமரா அசையாததால் முதல் படத்திலுள்ள தூணை மட்டும் விளிம்போடு வெட்டி எடுத்துக் காணொளியின் மேல் அப்படியே வைத்துவிடலாம் என்பது புலப்பட்டது. தூண் ஒரே இடத்தில் நிற்பதால் வெட்டும் எல்லையைக் குறிக்க ஒரே மாஸ்க் போதும். அறை வெளிச்சமாகும்போது தூண் மட்டும் பழைய இருட்டில் நின்றது. அதன் ஒளியையும் அதே வேகத்தில் கூட்டினேன். மொத்தம் நாற்பது நிமிடம். தூண் நிமிர்ந்து நின்றது, சோபா பின்னால் வந்தது, நெளிவு இல்லை.

அதை மகனுக்கு அனுப்பினேன். பழையதில் இடம் பெரிதாகத் தெரிந்தது, இருந்தாலும் சரி என்று பதில் வந்தது. அந்த அம்மாவுக்கு நேரில் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த முறை போனபோது ஆட்கள் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் உள்ளே இருந்தார், நான் காட்டவில்லை. நிறுவனத்தின் முன்னறைத் திரையில் இன்றும் ஓடுவது தூண் கரையும் முதல் காணொளிதான். மாற்றிவிடலாமா என்று ஒரு முறை கேட்டேன். வருகிறவர்கள் அதைத்தான் நின்று பார்க்கிறார்கள் என்றார் உரிமையாளர். அது உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன்.