ஞாயிறு இரவு, திங்கள் காலை

சுவாமிமலைச் சிலை வார்ப்புப் பட்டறைகள் சிலவற்றுக்கு ஆங்கிலக் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொடுப்பது என் வேலை. விலைப்பட்டியல், கப்பல் ஆவணம், அளவு குறித்த விளக்கம் என்று எல்லாம் வரும். அண்மைக் காலமாக அதிகம் வருவது, வெளிநாட்டு வாடிக்கையாளர் தம் நாட்காட்டியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட். பட்டறைக்காரர் அதை அப்படியே எனக்குத் தள்ளிவிடுவார். கூட ஒரு சொல்லும் இருக்காது.

நேரத்தைச் சொல்லச் சொல்கிறாரா, பதில் எழுதச் சொல்கிறாரா, நாள் வந்ததும் நினைவூட்டச் சொல்கிறாரா? இது ஆளைப் பொறுத்தது. இளைய தலைமுறைப் பட்டறைக்காரர் ஒருவர் நேரக்கணக்கைத் தாமே போட்டுவிடுவார். அவருக்கு வேண்டியது நயமான ஆங்கிலப் பதில் மட்டுமே. இன்னொருவருக்கு மகன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறான். அவர் படம் அனுப்பினால், அன்றைக்குக் காலையில் கூப்பிட்டு எழுப்ப வேண்டும் என்று பொருள். சிக்கல் மூத்த ஸ்தபதிகளிடம்தான். "தம்பி, அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

2025 அக்டோபர் கடைசி வாரத்தில் அப்படி ஒன்று வந்தது. நியூஜெர்சியில் உள்ள ஒரு கோவில் குழுவுக்காக, அந்த மூத்த ஸ்தபதிகளில் ஒருவரான ஐயா அம்மன் சிலை ஒன்று செய்துகொண்டிருந்தார். மெழுகு உரு முடிந்திருந்தது. படத்தில் "Sun, Nov 2" என்றும் "8:30 PM" என்றும் இருந்தன. எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு எங்கும் இல்லை.

மின்னஞ்சலில் வரும் உண்மையான அழைப்புக்குள் நேர மண்டலமும் பொதிந்திருக்கும். அதைத் திறந்தால் நம் பேசி நம் ஊர் நேரத்தையே காட்டும். படமெடுத்ததும் அது உதிர்ந்துபோய் வெறும் எண் மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இது யாருடைய திரை என்பது. ஐயாவின் பேசியில் எடுத்ததாக இருந்தால் 8:30 இந்திய நேரம். படம் அனுப்பிய கோவில் குழு அம்மாள் தம் பேசியில் எடுத்ததாக இருந்தால் அமெரிக்க நேரம்.

இதற்குத் துப்பு படத்தின் உச்சியிலேயே இருக்கும். பேட்டரிக் குறிக்கு எதிர்ப்பக்கம் பேசியின் கடிகாரம் 9:12 என்று காட்டியது. செய்தி எப்போது வந்தது என்று ஐயாவிடம் கேட்டேன். "காலை ஆறே முக்காலுக்குச் சற்று முன்னால்" என்றார். அவர் பேசியில் 6:42 என்று இருந்தது. இரவு 9:12-க்கும் மறுநாள் காலை 6:42-க்கும் இடையே ஒன்பதரை மணி நேரம். கோடைக்கால நேரத்தில் ஓடும் நியூயார்க், நியூஜெர்சிக் கடிகாரத்துக்கும் நமக்கும் உள்ள இடைவெளி அதுவேதான். படத்தை எடுத்தவுடன் அனுப்பியிருந்தால் மட்டுமே இந்த வழி செல்லும். பழைய படத்தைத் தேடி எடுத்து அனுப்பியிருந்தால் வரும் இடைவெளி பெரும்பாலும் எந்த ஊருக்கும் பொருந்தாமல் நிற்கும், அதிலேயே தெரிந்துவிடும்.

அப்படியானால் எட்டரையோடு ஒன்பதரையைக் கூட்டி, திங்கள் காலை ஆறு மணி என்று சொல்லிவிடலாமா? கூடாது. இந்தக் கடிகாரம் காட்டியது படம் அனுப்பிய நாளின் இடைவெளியை. நமக்கு வேண்டியது சந்திப்பு நாளின் இடைவெளி. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுகின்றன. 2025-இல் அந்த ஞாயிறு நவம்பர் 2, சந்திப்பு நாளேதான். அன்று முதல் இடைவெளி பத்தரை மணி நேரம். ஆக, நமக்குத் திங்கள் காலை ஏழு. ஐரோப்பியர் அக்டோபர் கடைசி ஞாயிறே மாற்றிவிடுகிறார்கள் என்பதால் லண்டன் கணக்கை வைத்து நியூஜெர்சியை ஊகிக்கவும் முடியாது.

மனக்கணக்கை நம்பாமல் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. கூகுள் நாட்காட்டியில் புதிய நிகழ்வு போடும்போது நேர மண்டலத்தில் நியூயார்க்கைத் தேர்ந்தெடுத்து, படத்தில் உள்ளபடியே ஞாயிறு இரவு 8:30 என்று பதிய வேண்டும். கடிகார மாற்றத்தையும் சேர்த்து அது நம் நேரத்தைச் சொல்லும். நாமே மாற்றிய நேரத்தைப் பதிந்தால், தவறையும் சேர்த்தே பதிகிறோம்.

ஏழு மணி என்றதும் ஐயா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் ஆயிற்றே" என்றார்.

அப்போதுதான் அவர் கேட்பது நேரத்தை மட்டுமல்ல என்று புரிந்தது. மெழுகு உருவைக் காட்டி ஒப்புதல் வாங்கும் பேச்சு அது. முகத்தின் நீளத்தையோ விரலின் வளைவையோ மெழுகில் இருக்கும்போது திருத்தலாம். காவிரி வண்டல் மண்ணைப் பூசி, நிழலில் உலர்த்தி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றிவிட்டால் அந்த மாதிரி அதோடு போயிற்று. அந்த ஒப்புதலை அவர் ராகுகாலத்தில் வாங்கமாட்டார். ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால், இந்தப் பருவத்தில் அப்போதுதான் விடியத் தொடங்கும். மழை மூட்டம் வேறு. மங்கலான வெளிச்சத்தில் மெழுகின் கண்ணும் புருவமும் காணொளியில் தெரியாது. எனவே ஆறரை என்று முடிவாயிற்று.

பதிலை நான் எழுதினேன். ஆனால் அவர் தலையசைக்கும் வரை அனுப்பவில்லை. இதில் நான் கண்டிப்பாக இருப்பவன். நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்வதால் யாரும் எதற்கும் கட்டுப்பட்டுவிடுவதில்லை. பதில் போனால் அது ஐயாவின் வாக்கு. மேலும், அழைக்கப்பட்டவர் பட்டியலில் ஐயாவின் மின்னஞ்சலே இல்லை. "Yes" என்று அழுத்த அவருக்குப் பொத்தான் கிடையாது, சொற்களால்தான் பதில் போக வேண்டும். அரை மணி முன்னதாகத் தொடங்க இயலுமா என்று கேட்டு, உங்களுக்கு ஞாயிறு, நவம்பர் 2, இரவு 8:00, எங்களுக்குத் திங்கள், நவம்பர் 3, காலை 6:30 என்று இரண்டு கிழமைகளையும் எழுதினேன். கிழமையை எழுதாவிட்டால் ஞாயிறு காலையிலேயே பட்டறையில் விளக்கேற்றிக் காத்திருப்பவர்கள் உண்டு. ராகுகாலத்தையும் மறைக்கவில்லை; கோவில் குழுவினருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. "எங்கள் ஞாயிறு ராகுகாலம் ஆறு மணியோடு முடிந்துவிடும், எட்டு மணி மெத்தச் சரி" என்று பதில் வந்தது. ஐயாவின் மின்னஞ்சலுக்கு முறையான அழைப்பும் அனுப்பச் சொல்லியிருந்தேன். நாம் கையால் பதிந்த குறிப்பு, அவர்கள் நேரத்தை மாற்றினாலும் அசையாமல் பழைய நேரத்திலேயே நிற்கும்.

நினைவூட்டலைக் கடைசியில்தான் வைத்தேன். உறுதியாகாத நேரத்துக்கு அலாரம் வைத்தால், பின்னர் அதை அழிக்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. பத்து நிமிடத்துக்கு முன் பேசி மணியடிப்பதிலும் ஐயாவுக்குப் பயனில்லை. உருவை வெளியே எடுத்து நிறுத்தி, ஜன்னல் பக்கம் திருப்பி, பின்னால் கறுப்புத் துணி கட்டவே அரை மணி ஆகும். அதனால் அவருடைய தினசரி நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைத் தாளிலேயே, "மின்சாரம் இருக்கும்போதே பேசிக்குச் சார்ஜ், நாளை 5.45-க்கு உரு வெளியே" என்று எழுதிவைத்தேன்.

அந்தத் திங்கள் பேச்சு ஏழேகாலுக்குள் முடிந்தது. ஒரு காதணியைத் திருத்தச் சொன்னார்கள். இனி மாதம் ஒருமுறை ஞாயிறு இரவு எட்டு மணிக்கே பேசலாம் என்றும் சொன்னார்கள். 2026 மார்ச் 8-ஆம் தேதி அவர்கள் கடிகாரம் மறுபடி முன்னேறும், அதே எட்டு மணி அன்று முதல் நமக்குக் காலை ஐந்தரை ஆகிவிடும் என்று ஐயாவிடம் சொன்னேன்.

"அதற்குள் வார்த்து, ராவி முடித்திருப்போம். அப்போது பேச்சு பணத்தைப் பற்றித்தான் இருக்கும். அதற்கு வெளிச்சம் வேண்டாம்" என்றார்.