"காது குடுத்துக் கேளும்மா"

செவ்வாக்கிழமை சமூக மன்ற பாட்டு வகுப்புல அந்த பதினொரு வயசுப் பொண்ணு நாலு மாசமா முதல் பாடமான சரளி வரிசையத் தாண்டவே இல்ல. ஸ-வும் ரி-யும் அவ வாயில ஒரே இடத்துலதான் விழும். ஒருநாள் பொறுமை போயி "காது குடுத்துக் கேளும்மா"ன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன். "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் டீச்சர், ரெண்டும் ஒண்ணாதானே இருக்கு"ன்னா. மத்த பிள்ளைங்க சிரிச்சாங்க, நான் தடுக்கல. எதுத்துப் பேசறான்னு நெனச்சேன்.

ஏன்னா அதே பொண்ணுக்கு ஆதி தாளம் மூணாங்கால வேகத்துல போட்டாலும் கை தப்பாது, மத்தவங்க அவ கையப் பாத்துதான் போடுவாங்க. இவ்ளோ கவனம் இருக்கறவளுக்கு ஸ்வரம் கேக்காதா, சோம்பேறித்தனம்தான்னு முடிவு பண்ணிட்டேன். இப்ப யோசிச்சா அந்தத் தாளமே எனக்கு வேற ஒண்ண சொல்லியிருக்கணும்.

ரெண்டு வாரம் கழிச்சு அவள திரும்பி உக்கார வச்சு, பாடவே சொல்லாம, கீபோர்டுல ரெண்டு ரெண்டு சத்தமா வாசிச்சு 'ஒண்ணா, வேறயா'ன்னு மட்டும் கேட்டேன். சரளி வரிசைய சொல்லித்தர்ற மாயாமாளவகௌளை ராகத்துல ஸ-வும் ரி-யும் பக்கத்து பக்கத்து கீ. அதுக்கு "ஒண்ணு"ன்னா. ஸ-வுக்கும் க-வுக்கும் நாலு கீ தூரம், அதுக்கு "வேற"ன்னா, ஆனா எது மேலன்னு கேட்டா குத்துமதிப்பாதான் சொன்னா. தொண்டைதான் பிரச்சனைன்னா பாடும்போது மட்டும்தான் தப்பணும், வாசிச்சுக் காட்டினா வித்தியாசம் தெரியணும். சுருதி விட்டுப் பாடறவங்க நெறைய பேருக்கு காது நல்லாவே இருக்கும், இவளுக்கு கேக்கறதுலயே தப்புது.

இதுக்கு அமுசியான்னு பேராம். மாண்ட்ரியல்ல இசபெல் பெரெட்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதுக்குன்னே ஒரு சோதனை வச்சிருக்காங்க, அதுல மெட்டு தனி, தாளம் தனி. பொறவியிலயே வர்ற வகைல பொதுவா அடிவாங்கறது சுருதிதான், நெறைய பேருக்கு தாளம் தப்பிச்சிடும். அப்ப மூளை ரெண்டையும் ஒரே எடத்துல வச்சுப் பாக்கலன்னுதானே அர்த்தம். என்ன தூங்கவிடாதது 2009ல வந்த ஆய்வுதான். அரை ஸ்வரத்துலயும் பாதி மாறினாக்கூட இவங்க மூளையோட மின் அலைல அது பதிவாகுதாம், ஆனா ஆளுக்கு அது தெரியறதில்ல. காது குடுத்துதான் இருந்திருக்கா, சேதி அவகிட்ட வந்து சேரல.

சரி, நான் டாக்டர் இல்ல, பத்து ஜோடி வாசிச்சுட்டு பேர் வைக்க முடியாது. பேசறதுல அவளுக்கு எந்தக் கொறையும் இல்ல, கேள்வி கேக்கறப்ப குரல் சரியா ஏறும். பேச்சுல ஏத்த எறக்கம் பெருசு, அதனால தப்பிக்குதுங்கறாங்க.

"மிருதங்கம் கத்துக்கறியா"ன்னு கேட்டேன். "அப்ப நான் பாடக்கூடாதா டீச்சர்?"னா. "அப்படிச் சொல்லலம்மா"ன்னு சொல்லிட்டு கீபோர்ட உறைக்குள்ள வைக்கற மாதிரி குனிஞ்சிட்டேன். சரியான யோசனைதான்னு இன்னும் தோணுது, சில நாள் என் தொல்லைய இறக்கி வச்சேனோன்னும் தோணுது.

அவ அம்மாகிட்ட இதெல்லாம் இன்னும் சொல்லல. சொன்னா அந்த நாலு மாசத்தையும் சேத்துச் சொல்லணும்.